கையைவிட்டுப் போன எண், மறந்துபோன கடவுச்சொல்: குளச்சல் பக்கத்தில் ஒரு பழைய ஃபேஸ்புக் கணக்கை அழித்த விதம்

குளச்சலை அடுத்த ஒரு கடலோர ஊர். அங்கே ஒரு வீட்டுக்காரர் சவூதியின் தம்மாமில் வேலை பார்த்த 2012-ல், அறையில் கூட இருந்தவர் அவருக்கு ஒரு ஃபேஸ்புக் கணக்கு திறந்து கொடுத்தார். கொடுத்த எண் சவூதி எண். 2018-ல் எக்சிட் அடித்து ஊருக்கு வரும்போது போனை அங்கேயே விற்றுவிட்டார். இகாமா என்ற சவூதி குடியிருப்பு அனுமதியோடு அந்த எண்ணும் போனது. கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. ஊருக்கு வந்தபின் உள்ளூர் எண்ணில் வேறொரு கணக்கு தொடங்கி அதைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறார்.

பழைய கணக்கு அப்படியே நின்றது. மகளின் புதுநன்மைப் படங்கள், வீட்டின் முகப்பு, பழைய பாஸ்போர்ட்டின் ஒரு பக்கம்கூட அதில் இருந்தன. எல்லாமே யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போடப்பட்டவை. மகளுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கியதும் மகன் அதை அழித்துவிட முடிவு செய்தார். இரண்டு வாரம் போராடியும் முடியவில்லை. அவர் செய்த தவறுகளையே பெரும்பாலானவர்களும் செய்கிறார்கள் என்பதால், இந்த ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்பது பயன்படும்.

முதல் இரண்டு வாரம் ஏன் வீணானது

அவர் முதலில் செய்தது, கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற வழியில் போய் மீட்புக் குறியீட்டைச் சவூதி எண்ணுக்கு அனுப்பியது. ஒருமுறை அல்ல, ஒரே இரவில் பலமுறை. வருமா என்று பார்த்திருக்கிறார். வராது. ஆனால் அனுப்பியது வெறுமையில் விழவில்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. கைவிடப்பட்ட எண்ணை நிறுவனங்கள் சும்மா வைத்திருப்பதில்லை. இந்தியாவில் ஒரு எண் துண்டிக்கப்பட்டு 90 நாள் கடந்தால் அதை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். வெளிநாட்டிலும் எண்கள் இப்படித்தான் சுற்றிவருகின்றன. அந்த எண் இன்று யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் குறியீடு போகிறது. அதைத் தட்டினால் கணக்கு அவர் வசம். மகனுக்குக் கிடைத்ததெல்லாம், அடிக்கடி முயல்கிறீர்கள், பிறகு வாருங்கள் என்ற தடை. அப்படித் தடை வந்தால் ஒரு நாள் முழுக்க எதையும் தொடாமல் விடவேண்டும். இடையில் முயன்றால் தடை நீளக்கூடும்.

அடுத்து, ஊர் வாட்ஸாப் குழுவில் இணைப்பைப் போட்டு, எல்லாரும் இதைப் போலிக் கணக்கு என்று ரிப்போர்ட் அடியுங்கள் என்று கேட்டார். நாற்பது, ஐம்பது பேர் அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை. ரிப்போர்ட்டின் எண்ணிக்கையை வைத்து எதையும் நீக்குவதில்லை என்று ஃபேஸ்புக்கே சொல்கிறது. விதி மீறப்பட்டதா என்பதை மட்டும்தான் பார்க்கிறார்கள். இங்கே படம் உண்மை, பெயர் உண்மை, நண்பர்கள் உண்மை. போலி என்று சொல்ல எதுவுமில்லை. தன் கணக்கைத் தானே போலி என்று சொல்வது பொய்ப் புகாரும்கூட. பின்னால் முறையாக எழுதும்போது அதுவே முரணாக நிற்கும்.

மூன்றாவதாக, இணையத்தில் கஸ்டமர் கேர் என்று தேடிக் கிடைத்த எண்ணில் ஒருவர் பேசினார். முன்பணம் கேட்டார், பிறகு இப்போதைய கணக்குக்கு வரும் ஓடிபியைக் கேட்டார். அங்கே மகன் நிறுத்திக்கொண்டது நல்லதாகப் போயிற்று. ஃபேஸ்புக் கடவுச்சொல் மீட்புக்கு இந்தியாவில் போனில் பேசும் சேவை எதுவும் கிடையாது. அப்படிப் பேசுகிற யாரும் அந்த நிறுவனத்து ஆள் இல்லை. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

அழிக்க முதலில் உள்ளே போக வேண்டும்

உள்ளே வராத ஒருவர் கேட்டால் கணக்கை அழிக்க வழி இருந்தால், பகையுள்ள யாரும் யாருடைய கணக்கையும் அழிக்கலாம். அதனால்தான் வெளியிலிருந்து அழிக்கும் பொத்தானே இல்லை. ஆக, அழிப்பது என்ற வேலையில் முக்கால் பங்கு உள்ளே போவது. எண் போய்விட்டது என்றால் அந்த எண்ணையே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. அந்தக் கணக்குக்கு இன்னும் யாரை, எதை அடையாளம் தெரியும் என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முதல் வேலை, கணக்கின் சரியான முகவரி. பெயரை வைத்துத் தேடினால் குமரி மாவட்டத்தில் ஒரே புனிதர் பெயரும் ஒரே தகப்பன் பெயருமாக ஐம்பது பேர் வருவார்கள். பழைய கணக்கில் நண்பராக இருக்கும் ஒருவரின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, இணைப்பை நகலெடுத்தால் போதும். `facebook.com/` என்பதற்குப் பின்னால் வரும் பகுதிதான் பயனர் பெயர். அதை இந்தப் பக்கத்தில் கொடுத்துத் தேட வேண்டும்:

```
facebook.com/login/identify
```

இந்தத் தேடலைத் தன் சொந்தக் கணக்கில் நுழையாத உலாவியில், மறைநிலைச் சாளரத்தில் செய்வது நல்லது. கணக்கு கிடைத்ததும், குறியீட்டை எங்கே அனுப்பலாம் என்று பாதி மறைத்த வரிகள் வரும். இந்த வீட்டில் வந்தவை இரண்டு: கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்த ஒரு எண், முதலெழுத்தும் கடைசி எழுத்தும் தெரிந்த ஒரு ஜிமெயில். மகன் இரண்டு வாரமாக முதல் வரியை மட்டும்தான் பார்த்திருக்கிறார். அப்பாவுக்கு மெயிலே கிடையாது என்பது வீட்டில் எல்லாருக்கும் இருந்த நம்பிக்கை.

இந்த வரிகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அங்கேயே நிறுத்த வேண்டும். எங்கே அனுப்புவது என்பதை முடிவு செய்யாமல் எதையும் அழுத்தக் கூடாது.

எண் இந்திய எண்ணாக இருந்தால்

இந்த வீட்டில் எண் திரும்பி வர வழியில்லை. ஆனால் தொலைந்தது உள்ளூர் எண் என்றால் கதை வேறு. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், `sancharsaathi.gov.in`, தன் பெயரில் இன்று எந்தெந்த இணைப்புகள் உள்ளன என்று பார்க்கலாம். பழைய எண் அதில் இருந்தால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள அந்த நிறுவனத்தின் கடையில் அடையாள அட்டையைக் காட்டி மாற்று சிம் வாங்கிவிடலாம். சிம் மைத்துனர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் அவரே நேரில் வந்தாக வேண்டும்.

மாற்று சிம் போட்டவுடன் குறியீடு வரவில்லை என்று பதறுவோர் அதிகம். சிம் மோசடியைத் தடுக்க, மாற்று சிம் இயங்கத் தொடங்கியபின் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராமலும் போகாமலும் நிறுத்திவைக்கிறார்கள். அழைப்பு வரும், ஓடிபி வராது. அந்த ஒரு நாளில் பத்து முறை குறியீடு கேட்டு, தடையையும் வாங்கிக்கொள்கிறார்கள். மறுநாள் ஒருமுறை கேட்டால் வந்துவிடும்.

வீட்டுக்குள்ளேயே இருந்த மெயில்

ஜிமெயில் முகவரியின் இரண்டு எழுத்துகளை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஆண்ட்ராய்டு போன் எதுவானாலும் ப்ளே ஸ்டோருக்காக ஒரு ஜிமெயில் கேட்கும். புது போன் வாங்கும்போது கடைக்காரர் புதிதாகத் தொடங்குவார், அல்லது வீட்டில் ஏற்கெனவே உள்ள ஒன்றைப் போட்டுவிடுவார். ஆகவே வீட்டிலுள்ள ஒவ்வொரு போனையும் எடுத்து, அமைப்புகளில் கணக்குகள் என்ற பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். அப்பாவின் போனில் இல்லை. மகனுடையதிலும் இல்லை. அம்மாவின் போனில் இருந்தது. "இதுல தானே மக்கா நான் யூடியூப் பாக்கேன்" என்றார் அம்மா. விடுமுறைக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்த முதல் போனில் அப்பாவின் ஜிமெயிலைப் போட்டிருக்கிறார்கள். போன் மாறியபோதெல்லாம் அதுவும் கூடவே மாறி வந்திருக்கிறது.

அது உயிரோடு இருந்ததற்கும் அதுவே காரணம். இரண்டு ஆண்டு எந்தப் பயன்பாடும் இல்லாத கணக்குகளை அழிக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து தொடங்கியது. அப்படி அழிந்த முகவரியை வேறு யாரும், பழைய உரிமையாளரும்கூட, மறுபடி தொடங்க முடியாது. அம்மா பார்த்த வீடியோக்கள்தான் அந்த மெயிலைக் காப்பாற்றி வைத்திருந்தன.

இனி எல்லாம் எளிது என்று நினைத்துக் குறியீட்டை அனுப்பினால், வரவில்லை. ஜிமெயில் செயலியில் இன்பாக்ஸ் மாதக்கணக்கில் அசையவே இல்லை. இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, அந்தக் கணக்குக்கு ஜிமெயில் ஒத்திசைவு அணைக்கப்பட்டிருந்தது. இன்னொன்றுதான் பெரிது: 15 ஜிபி இலவச இடம் முழுக்க நிரம்பியிருந்தது. அம்மாவுக்கு வாட்ஸாப்பில் வரும் காலை வணக்க வீடியோக்களும் திருவிழா வீடியோக்களும் கூகுள் போட்டோஸில் ஏறி ஏறி இடத்தை அடைத்திருக்கின்றன. இடம் நிரம்பிவிட்டால் ஜிமெயிலுக்குக் கடிதம் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். ஃபேஸ்புக் அனுப்பிவிட்டோம் என்று சொல்லும், போனில் எதுவும் தெரியாது. இடம் நிறைந்துவிட்டது என்ற சிவப்பு அறிவிப்பை அம்மா தினமும் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். இங்கே பார்த்தால் தெரியும்:

```
one.google.com/storage
```

பெரிய வீடியோக்களை நீக்கினால் மட்டும் போதாது. போட்டோஸின் குப்பைத் தொட்டியில் அவை 60 நாள் வரை இருக்கும், அதுவரை இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். தொட்டியையும் காலி செய்ய வேண்டும். ஒன்றிரண்டு ஜிபி விடுபட்டதும், மகன் தன் மெயிலிலிருந்து ஒரு வரி அனுப்பிச் சோதித்தார். வந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் மறுபடி குறியீடு கேட்கக் கூடாது.

அடுத்த நாள் ஒரே ஒரு முறை கேட்டதும் `security@facebookmail.com` என்ற முகவரியிலிருந்து குறியீடு வந்தது. இங்கே கவனம் தேவை. இரண்டு முறை கேட்டிருந்தால் கடைசியாக வந்த குறியீடு மட்டும்தான் செல்லும். எந்தச் சாளரத்தில் கேட்டோமோ அதே சாளரத்தில் தட்ட வேண்டும். மெயிலைப் பார்க்கப் போய் உலாவி மூடிவிட்டால் திரும்ப முதலிலிருந்துதான். அதனால் அம்மாவின் போனில் மெயில், மகனின் கணினியில் ஃபேஸ்புக் என்று இரண்டு கருவியில் செய்ததுதான் சரி.

பழைய போன் பீரோவில் கிடக்கிறவர்களுக்கு ஒரு சொல். கணக்கு அதில் திறந்தபடியே இருக்க வாய்ப்புண்டு, அதை ரீசெட் செய்துவிடாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் கடையில் மாற்றச் சொல்லுங்கள். நெடுநாள் அணைந்து கிடந்த போனில் தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் எந்தத் தளமும் பாதுகாப்புப் பிழை காட்டித் திறக்க மறுக்கும். நெட் கோளாறு என்று நினைத்துப் போனையே தூக்கிப் போடுகிறார்கள். தேதியைச் சரிசெய்தால் போதும்.

அழிக்கும் முன் எண்ணை நீக்கவேண்டியது ஏன்

உள்ளே போனதும் நேரே அழிக்கும் பொத்தானுக்கு ஓடக் கூடாது. அழிக்கச் சொன்னபின் ஃபேஸ்புக் 30 நாள் காத்திருக்கிறது. அதற்குள் யாராவது உள்நுழைந்தால் அழிப்பை ரத்து செய்யலாம். சவூதி எண் கணக்கில் இருக்கிறவரை, அதை இன்று வைத்திருப்பவரும் அந்த 30 நாளில் எந்த நாளிலும் குறியீடு வாங்கி உள்ளே வர முடியும். ஆகவே `Accounts Center`, `Personal details`, `Contact info` என்ற வழியில் போய் அந்த எண்ணை முதலில் நீக்கினார்கள். பிறகு எங்கெங்கே கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலில், தம்மாமில் விற்ற போன் உட்பட எல்லாவற்றையும் வெளியேற்றினார்கள். அப்பாவின் இப்போதைய எண்ணைப் பழைய கணக்கில் சேர்க்கவில்லை. அது புதிய கணக்கோடு பின்னிக்கொள்ளும்.

அழிப்பது அதே `Personal details` பகுதியில்: `Account ownership and control`, பிறகு `Deactivation or deletion`. இங்கே செயலிழக்கச் செய்வது, அழிப்பது என்று இரண்டு தேர்வு வரும். செயலிழக்கச் செய்தால் பக்கம் மறையும், அவ்வளவுதான். எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும், அடுத்த உள்நுழைவில் திரும்பி வரும். பலரும் தெரியாமல் இதைச் செய்துவிட்டு அழித்துவிட்டதாக நம்புகிறார்கள். `Delete account` என்பதைத் தெரிந்தே தொட வேண்டும். புதிய கணக்கும் அதே மையத்தில் இணைந்திருந்தால் இரண்டு பெயரும் ஒன்றுபோலத் தெரியும், படத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகே மேலே போகவேண்டும். கடைசியில் கடவுச்சொல்லைக் கேட்பார்கள். திறந்து கிடக்கும் பழைய போனிலிருந்து கடவுச்சொல் இல்லாமலே அழித்துவிடலாம் என்று எண்ணுவோர் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

அதன்பின் கணினியிலும் போனிலும் சேமித்து வைத்த உள்நுழைவை நீக்கிவிட்டு, 30 நாள் அந்தப் பக்கமே போகவில்லை. போய்விட்டதா என்று உள்நுழைந்து பார்ப்பதுதான் அழிப்பைக் கெடுக்கும் மிகச் சாதாரணமான தவறு. பக்கம் முதல் நாளிலேயே மற்றவர் கண்ணுக்கு மறைந்துவிடும், ஆகையால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. 31-ம் நாளுக்குப் பிறகு `login/identify` பக்கத்தில் அந்த ஜிமெயிலைக் கொடுத்துத் தேட வேண்டும். கணக்கு எதுவும் இல்லை என்று வந்தால் போய்விட்டது. மறைத்த வரிகள் மறுபடி வந்தால் அழிப்பு ரத்தாகியிருக்கலாம். இந்த வீட்டில் எதுவும் வரவில்லை. கணக்கில் போட்டவை எல்லாம் நீங்க, அழிக்கச் சொன்ன நாளிலிருந்து 90 நாள் வரை ஆகலாம்.

மெயிலும் இல்லாமல் போயிருந்தால்

அந்த நிலையில், இவை எதுவும் என்னிடம் இல்லை என்ற தேர்வைத் தொட்டால் சிலருக்கு அடையாள ஆவணம் கேட்கும் பக்கம் திறக்கும், எல்லாருக்கும் திறப்பதில்லை. முன்பு அந்தக் கணக்கைப் பயன்படுத்திய கணினி, முன்பு பயன்படுத்திய இடத்து இணைய இணைப்பு ஆகியவற்றிலிருந்து முயன்றால் வாய்ப்பு கூடும். ஆவணத்தின் நான்கு மூலையும் தெரிய, ஃப்ளாஷ் இல்லாமல் படமெடுக்க வேண்டும். முகம், பெயர், பிறந்த தேதி தெரிந்தால் போதும், ஆவண எண்ணை மறைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் இது தோற்பது பெரும்பாலும் பெயரில். கணக்கில் வீட்டுப் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கும், ஆதாரில் இனிஷியலோடு ஞானஸ்நானப் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் பின்பெயராக நிற்கும். மூன்றில் கணக்கோடு மிக நெருங்கிப் பொருந்துவது எதுவோ அதைக் கொடுங்கள். பிறந்த தேதியை அந்தக் காலத்தில் ஏனோதானோ என்று போட்டிருந்தால், ஆவணம் உதவாமல் போகலாம்.

அதுவும் தோற்றால் மிஞ்சுவது குறைதீர்ப்பு அலுவலர். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய சமூக ஊடகங்கள் இந்தியாவில் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவரை அணுகும் வழி ஃபேஸ்புக்கின் உதவிப் பக்கத்தில் உண்டு. விதி வந்தபோது, புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் உறுதிசெய்து 15 நாளில் முடிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் `gac.gov.in` தளத்தில் மேல்முறையீடு செய்யலாம். எழுதும்போது, கணக்கை அழியுங்கள் என்று மட்டும் கேட்டால், உரிமையை நிரூபிக்கவில்லை என்று மறுப்பது அவர்களுக்கு எளிது. பாஸ்போர்ட் பக்கம் தெரிகிற இந்தப் பதிவு, குழந்தையின் இந்தப் படம் என்று ஒவ்வொன்றின் இணைப்பையும் தனித்தனியே கொடுத்து நீக்கக் கேட்பது நடக்கும் வாய்ப்பு அதிகம். பழைய கணக்கிலிருந்து யாரோ பணம் கேட்டுச் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தால் அது மறந்துபோன கணக்கு அல்ல, குற்றம். நேரே `cybercrime.gov.in` அல்லது நாகர்கோவிலில் உள்ள சைபர் குற்றப் பிரிவு.

குளச்சல் வீட்டில் கணக்கு போனபின்னும் சில படங்கள் நின்றன. அவற்றை ஏற்றியவர்கள் வேறு ஆட்கள்: தம்மாம் அறைத் தோழர்கள், பங்குத் திருவிழாவில் படமெடுத்தவர்கள். அவர்கள் போட்டது அவர்கள் கணக்கில் இருக்கும், பழைய கணக்கிலிருந்து போன மெசஞ்சர் செய்திகளும் பெற்றவர்களிடம் இருக்கும். மகன் பட்டியல் போட்டு ஒவ்வொருவராக அழைத்தார். பதினொரு படத்தில் ஒன்பது நீங்கின. மீதி இரண்டை ஏற்றியவரும் தன் கடவுச்சொல்லை மறந்திருந்தார். அவருடைய மெயில் எந்தப் போனில் இருக்கிறது என்று இப்போது அவர் வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.